ஒரே கணக்கா, தனித்தனிக் கணக்கா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. அவர் சம்பளம் 60 ஆயிரம், என் சம்பளம் 40 ஆயிரம். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுவிடலாம் என்கிறார் அவர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. தனித்தனியாகவே வைத்துக்கொண்டு செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொன்னால், நம்பிக்கை இல்லையா என்று கேட்கிறார். அவருக்குப் படிப்புக் கடனும் இருக்கிறது, மாதம் 10 ஆயிரம் கட்டுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: மூன்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஆளுக்கொன்று இருப்பது அப்படியே இருக்கட்டும், சம்பளம் அதில்தான் வர வேண்டும். வீட்டுச் செலவுக்கென்று மட்டும் புதிதாக ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். இதில் நம்பிக்கைப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பாதிப் பாதி என்ற உங்கள் யோசனையை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், அது உங்களுக்கே பாதகம்.

வாடகை, மளிகை, மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் 50 ஆயிரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 25 ஆயிரம் போட்டால் உங்கள் கையில் 15 ஆயிரம் மிஞ்சும், அவர் கையில் 35 ஆயிரம். ஒரே வீட்டில் ஒருவருக்குச் சேமிப்பு ஏறிக்கொண்டே போகும், இன்னொருவர் செருப்பு வாங்கக்கூட யோசிப்பார். அதற்குப் பதில் சம்பள விகிதப்படி போடுங்கள். அவர் 30 ஆயிரம், நீங்கள் 20 ஆயிரம். இருவருமே சம்பளத்தில் சரிபாதியைத்தான் கொடுத்திருப்பீர்கள்.

இனி அந்தக் கடன். இதைப் பேசாமல் விட்டால் பிறகு இடிக்கும். அவர் தன் பங்கு போக மிஞ்சிய 30 ஆயிரத்திலிருந்து கட்டினால், இருவர் கையிலும் 20 ஆயிரம் நிற்கும். கூட்டுக் கணக்கிலிருந்து கட்டினாலோ, பொதுச் செலவு 60 ஆயிரமாகி உங்கள் பங்கு 24 ஆயிரமாக உயரும். அதாவது அவருடைய கடனில் மாதம் 4 ஆயிரம் நீங்கள் கட்டுகிறீர்கள். அப்படிக் கட்டுவதில் தவறொன்றும் இல்லை, அது இருவருக்கும் தெரிந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், திருமணத்துக்கு முன் வாங்கிய கடன் வாங்கியவர் கணக்கிலேயே தீரட்டும்.

கணக்கு தொடங்கும் படிவத்தில் பலரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் இடம் ஒன்று உண்டு: கணக்கை யார் இயக்கலாம் என்ற பகுதி. இருவரில் எவரும் தனியாக இயக்கலாம் என்று குறித்தால் அன்றாடச் செலவுக்கு வசதி. ஆனால் அதற்குப் பொருள், இருப்பு முழுவதையும் ஒருவரே எடுத்தாலும் வங்கி இன்னொருவரைக் கேட்காது என்பது. இருவரும் சேர்ந்துதான் இயக்க வேண்டும் என்றால் பாதுகாப்பு கூடும், ஆனால் ஒவ்வொரு மளிகை பில்லுக்கும் இரண்டு பேர் கையெழுத்து தேடுவது நடக்கிற காரியமா? அதனால் முதல் வகையையே எடுங்கள், ஆனால் அந்தக் கணக்கில் ஒன்றிரண்டு மாதச் செலவுக்கு மேல் பணம் தங்க விடாதீர்கள். இருப்பை மீறிப் பணம் எடுக்கும் வசதியும் அதில் வேண்டாம். ஒருவர் எடுத்தாலும் அந்தக் கடனுக்கு இருவருமே பொறுப்பாக நேரிடும்.

சம்பளம் வந்த மறுநாளே இரு பங்கும் தானாகப் போய்ச் சேரும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். முதல் மூன்று மாதம் ஒன்றைக் கவனியுங்கள்: இருபதாம் தேதி வாக்கில் கூட்டுக் கணக்கு காலியாகி, யாராவது ஒருவர் சத்தமில்லாமல் தன் கையிலிருந்து மளிகை வாங்குகிறாரா? பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீட்டுத் தொகை போன்றவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள். அவற்றைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவோடு சேர்த்துவிடுங்கள். அப்புறம், தனிக் கணக்கு இரண்டிலும் ஒருவர் பெயரை மற்றவர் நியமனதாரராகக் கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால், ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் அலைய நேரலாம்.

கடைசியாக, நாளை குழந்தை என்றோ வேறு காரணத்துக்கோ உங்களில் ஒருவர் வேலையை விட நேர்ந்தால், விகிதப்படி அவர் பங்கு பூஜ்யமாகிவிடும். கையில் மிஞ்சுவதும் பூஜ்யம்தான். அப்போது சம்பாதிப்பவரின் முழுச் சம்பளமும் கூட்டுக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து இருவரின் தனிக் கணக்குக்கும் ஒரே அளவு தொகை போக வேண்டும் என்று இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது இதை ஒப்புக்கொள்வது சுலபம்.