லண்டனில் லக்னம் மாறுமா?

அன்புள்ள ஐயா,

நான் 1990 ஜனவரி 1, காலை 6.35க்குச் சென்னையில் பிறந்தவன். தனுசு லக்னம். எட்டு வருடமாக லண்டனில் இருக்கிறேன். சென்னையில் எங்கே போனாலும் நான்தான் முன்னால் நிற்பேன். இங்கே வந்தபின் ஆபீஸில் ஒரு மூலையில் இருக்கிறேன். வீடு வாங்குவது, அம்மாவை அழைத்து வருவது என்று காலம் போகிறது. இப்போது இருக்கும் ஊரை வைத்து ரீலொகேஷன் சார்ட் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும் என்றார் நண்பர். ஆப்பில் லண்டன் என்று மாற்றினேன், விருச்சிக லக்னம் வந்தது. நண்பர் போட்டதில் கன்னி. ஊரிலுள்ள குடும்ப ஜோதிடரோ லக்னம் என்றைக்கும் மாறாது என்கிறார். மூன்றில் எது சரி?

ரகு, லண்டன்

அன்புள்ள ரகு,

கன்னிதான் சரி. விருச்சிகம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறை நானும் ஆரம்பத்தில் செய்து, அதை வைத்து ஒருவருக்குப் பலனும் சொல்லியிருக்கிறேன்.

ரீலொகேஷன் சார்ட்டில் பிறந்த கணம் மாறாது, நிற்கும் இடம்தான் மாறும். சென்னையில் காலை 6.35 ஆனபோது லண்டன் கடிகாரத்தில் இரவு 1.05. டொரன்டோவில் அப்போது டிசம்பர் 31 இரவு 8.05, இன்னும் பழைய வருஷம். நீங்கள் ஊரை மட்டும் மாற்றி 6.35ஐ அப்படியே விட்டுவிட்டீர்கள். ஆப் அதை லண்டன் காலை 6.35 என்று எடுத்துக்கொண்டது. அது நீங்கள் பிறந்து ஐந்தரை மணி நேரம் கழித்து லண்டனில் பிறந்த வேறொரு குழந்தையின் ஜாதகம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் வைத்துச் சந்திரனின் பாகையையும், பாகையில் அறுபதில் ஒரு பங்கான கலையையும் பாருங்கள். சரியான ரீலொகேஷன் சார்ட்டில் ஒரு கலைகூட நகர்ந்திருக்காது. உங்கள் விருச்சிகக் கட்டத்தில் சந்திரன் மூன்று பாகை முன்னால் போயிருக்கும், ஐந்தரை மணி நேரத்தில் அது போகும் தூரம் அவ்வளவு. ஊர்ப்பெயரை மாற்றுவதற்கென்று தனி இடம் இல்லாத ஆப்பில், 1.05 என்று நேரத்தையும் கையால் மாற்ற வேண்டும். கோடையில் குடிபெயர்ந்தேன் என்பதற்காகக் கோடைகால ஒரு மணி நேரத்தைச் சேர்த்துவிடாதீர்கள். நீங்கள் பிறந்த தேதியில் அந்த ஊர்க் கடிகாரம் என்ன காட்டியது என்பதுதான் கணக்கு.

இப்போது கட்டத்துக்கு வருவோம். லாஹிரி அயனாம்சம் என்ற நம் வழக்கமான ராசிக் கணக்குப்படி உங்கள் சூரியன் தனுசில் ஏறத்தாழ 16 பாகை 40 கலை. மார்கழி 17ஆம் நாள், கணக்கு ஒத்துப்போகிறது. சென்னையில் அந்த நிமிடம் லக்னப் புள்ளியும் கிட்டத்தட்ட அதே இடம், அதாவது நீங்கள் சூரியோதயத்தில் பிறந்தவர். சனி அதற்கு ஐந்து பாகை தள்ளி அதே தனுசில். குரு மிதுனத்தில், அஸ்தமனப் புள்ளியிலிருந்து ஐந்து பாகையில். கிழக்கே உதிக்கும் லக்னம், தலைக்கு மேலே உச்சி, மேற்கே மறையும் அஸ்தமனம், காலடியில் பாதாளம் என்ற நான்கு மூலைகளில் இரண்டை மூன்று கிரகங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 'முன்னால் நிற்பேன்' என்று நீங்கள் எழுதியதைச் சூரியன் லக்னத்தில் இருப்பதன் பலனாக எந்த ஜோதிடரும் வாசிப்பார்.

அதே கணத்தில் லண்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி நேரம். சூரியன் காலடியில், பூமிக்கு அடியில். லக்னம் கன்னி 25 பாகை. ராசி வைத்து எண்ணினால் சூரியனும் சனியும் நான்கில், குரு பத்தில். வீடு, அம்மா என்று நீங்கள் எழுதியவை நான்காமிடத்துச் சங்கதிகள், பொருந்துகிறது என்று இங்கேயே நிறுத்திவிடலாம். பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் லண்டன் 51 பாகை வடக்கே இருக்கிறது. சென்னை 13. வடக்கே போகப்போக உச்சிப் புள்ளியும் லக்னத்துக்குப் பத்தாம் ராசியும் ஒன்றையொன்று விட்டு விலகிப்போகலாம். உங்களுக்கு உச்சி விழுவது மிதுனத்தில் அல்ல, கடகத்தின் முதல் பாகையில். லக்னத்துக்கு அது பதினோராம் ராசி. குரு அதிலிருந்து 19 பாகை தள்ளி. மேற்கத்திய முறையில், உச்சியைப் பத்தாம் வீட்டின் தொடக்கமாக வைத்துப் போட்டால் குரு ஒன்பதிலும், சூரியன் மூன்றிலும் போய் உட்காரும். ஒரே கணம், ஒரே ஊர், இரண்டு பலன். எந்த முறை சரி என்று சண்டை போடுவதைவிட, மூலைக்கும் கிரகத்துக்கும் எத்தனை பாகை என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. எட்டு, பத்து பாகைக்குள் இருந்தால்தான் ரீலொகேஷனில் அதற்குக் கனம். உங்கள் சூரியன் பாதாளப் புள்ளிக்கு 14 பாகை தள்ளி, சனி ஒன்பது. சனி மட்டும் விளிம்பில் நிற்கிறது.

ஆகவே, லண்டன் உங்களுக்குப் புதிதாக எதையோ கொண்டுவந்தது என்று நான் வாசிக்க மாட்டேன். சென்னையில் வாசலில் நின்ற கூட்டம் அங்கே கலைந்துவிட்டது என்றுதான் வாசிப்பேன். எந்தக் கிரகம் எந்த மூலைக்கு வந்தது என்று தேடுகிற நாம், எது மூலையை விட்டுப் போனது என்று பார்ப்பதில்லை. இதே கணத்தைச் சிட்னியில் போட்டால் மீன லக்னம், சூரியன் உச்சியிலிருந்து 12 பாகையில், எந்த முறையில் எண்ணினாலும் பத்தில். சிங்கப்பூரில் மகர லக்னம். ராசிப்படி சூரியன் பன்னிரண்டில் மறைந்துவிடும்.

பிறந்த நேரத்தின் நம்பகத்தையும் பாருங்கள். உங்கள் உச்சிப் புள்ளி கடகத்தில் ஒரு பாகைகூட நிரம்பவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் நான்கைந்து நிமிடம் தாமதமாகக் கடிகாரத்தைப் பார்த்திருந்தால் அது மிதுனம். கன்னி லக்னம் அப்படியல்ல, துலாமுக்குப் போக அரை மணி நேரம் போல ஆகும். ஆகவே 'உச்சி கடகம்' என்பதை வைத்து யாராவது தொழில் பலன் சொன்னால் காது கொடுக்காதீர்கள்.

குடும்ப ஜோதிடர் சொன்னதும் அவர் மரபில் சரிதான். நட்சத்திரம், தசை எல்லாம் சந்திரனிலிருந்து வருபவை, ஊர் மாறினால் மாறாது. வெளிநாட்டு வாசத்தைக்கூட நம்மவர்கள் பிறந்த கட்டத்துக்குள்ளேயே பார்த்தார்கள், புதுக் கட்டம் போடவில்லை. ஊருக்கு ஊர் மூலைகளைக் கணக்கிட்டு உலக வரைபடத்தில் கோடுகளாக வரையும் பழக்கம் அமெரிக்க ஜோதிடர் ஜிம் லூயிஸ் 1970களில் பிரபலமாக்கியது. அதைத் தனுசு லக்னத்துக்கு மேலே வைத்துப் பார்க்கும் இன்னொரு தாளாக வைத்துக்கொள்ளலாம். ஜாதகத்தில் எழுதியிருக்கும் லக்னத்தை அழிக்க வேண்டாம்.

இந்தப் பலன்களுக்குச் சோதித்த நிரூபணம் கிடையாது, வாசிக்கும் மரபு மட்டும்தான் உண்டு. லண்டனுக்குப் போகிற யாருக்கும் முதல் பத்து வருஷம் வீடும் அம்மாவும்தான் கவலை. கன்னி லக்னக்காரருக்கு மட்டுமல்ல.

அடுத்து எழுதும்போது பிறப்புச் சான்றிதழில் உள்ள நேரத்தையும் ஜாதக நோட்டில் உள்ள நேரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் ஒன்றுதானா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.