கம்பளி ஸ்வெட்டர் ஏன் சுருங்குகிறது, எதில் துவைப்பது

"அக்கா, இங்கே எனக்கு இது முதல் குளிர்காலம். புதிதாக வாங்கிய கம்பளி ஸ்வெட்டரை ஜீன்ஸ், துண்டுகளோடு சேர்த்து 60 டிகிரியில் மெஷினில் போட்டு, டிரையரிலும் காயவைத்தேன். சின்னப் பையன் சட்டை மாதிரி ஆகிவிட்டது. சுடுதண்ணீர்தான் காரணமா? கம்பளிக்கென்று தனியாக விற்கும் லிக்விட் வாங்கித்தான் ஆக வேண்டுமா, வழக்கமான டிடர்ஜென்டையே கொஞ்சமாகப் போட்டால் போதாதா?"

தம்பி, முதலில் அந்த ஸ்வெட்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்னல் கண்ணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறதா, இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தால் கண்ணி விரிந்து கொடுக்கிறதா? அப்படியென்றால் கொஞ்சம் காப்பாற்ற முடியும். கண்ணியே தெரியாமல் மேலே பஞ்சு மூடி, துணி தடித்து அட்டை மாதிரி நிற்கிறது என்றால் அது இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிப்போன கம்பளி, அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர எந்த வழியும் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது, இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

சுடுதண்ணீர் பற்றிக் கேட்டீர்கள். பாதிக் காரணம் அது. மீதிப் பாதி, மெஷின் உருட்டிய உருட்டல். சொல்லப்போனால் உருட்டல்தான் பெரிய பாதி. கம்பளிக்குச் சாயம் போடுகிறவர்கள் அதைக் கிட்டத்தட்ட கொதிக்கிற தண்ணீரில்தான் வைக்கிறார்கள், ஆனாலும் அது சுருங்குவதில்லை, ஏனென்றால் அசைக்காமல் விட்டுவிடுவார்கள், தண்ணீரும் லேசான அமிலத்தன்மையோடு இருக்கும். அதே கம்பளியை வெதுவெதுப்பான தண்ணீரிலேயே போட்டுக் கசக்கிக்கொண்டே இருந்தால் சுருங்கிவிடும்.

ஏன் என்று தெரிந்துகொள்ள உங்கள் தலைமுடி ஒன்று போதும். நீளமான முடி ஒன்றை வேர்ப்பக்கமிருந்து நுனிப்பக்கமாக இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள், வழுவழுவென்று போகும். நுனியிலிருந்து வேருக்கு இழுத்தால் லேசாகச் சொரசொரக்கும். முடியின் மேல் மீன் செதில் மாதிரி மெல்லிய அடுக்குகள் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருப்பதுதான் காரணம். ஆட்டு ரோமத்திலும் அதே செதில்கள் உண்டு, இரண்டுமே கெரட்டின் என்ற புரதம்தான், ஆட்டு ரோமத்தில் செதில்கள் இன்னும் எடுப்பாக இருக்கும். அதனால் நனைந்த கம்பளியை அழுத்தி விடும்போதெல்லாம் ஒவ்வொரு இழையும் வேர்ப்பக்கமாக மட்டுமே நகரும், பின்னால் வர முடியாது. பக்கத்து இழை வேறு திசையில் நகரும். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, செதிலோடு செதில் மாட்டி இறுகிவிடும். இழை எதுவும் குட்டையாகிவிடவில்லை, எல்லாம் நெருங்கி உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதனால்தான் சுருங்கிய ஸ்வெட்டர் தடிப்பாகவும் இருக்கிறது.

இதில் சூடு என்ன செய்கிறது என்றால், தண்ணீரில் ஊறி உப்பியிருக்கும் இழையை இன்னும் இளக்கி, ரப்பர் போல நீண்டு மீளும்படி ஆக்குகிறது. இழை எவ்வளவு சுலபமாக நீண்டு மீள்கிறதோ அவ்வளவு வேகமாக நகரும். 60 டிகிரி பருத்தி புரோகிராம் என்பது டிரம் துணியை மேலே தூக்கித் தூக்கிப் போட்டு வெகுநேரம் அடிப்பது, கூடவே நனைந்த ஜீன்ஸின் கனம் வேறு மேலே விழுந்து தேய்த்திருக்கும், கடைசியில் வேகமான ஸ்பின். அப்புறம் டிரையர், அங்கேயும் ஈரம், சூடு, உருட்டல் மூன்றும் உண்டு. வாஷரில் தப்பித்த கம்பளிகூட டிரையரில் போய்விடுவது உண்டு, அதனால் இனி டிரையர் பக்கமே கம்பளியைக் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது லிக்விட். வழக்கமான சலவைப் பவுடரில் இரண்டு விஷயம் கம்பளிக்கு ஆகாது. ஒன்று காரம். பவுடர் கரைந்த தண்ணீரின் பிஎச் 10-ஐ ஒட்டி இருக்கும், பருத்திக்கு அது நல்லது, அழுக்கை நன்றாகக் கழற்றும். கம்பளி இழையோ காரத்தில் இன்னும் உப்பி இளகும், அதாவது மேலே சொன்ன நகர்தல் வேகமாகும், கூடவே இழை முரடாகி வெள்ளைக் கம்பளி மஞ்சளிக்கும். இரண்டாவது என்சைம். ரத்தக்கறை, உணவுக்கறை போன்ற புரதக் கறைகளைத் தின்பதற்காகப் புரோட்டீயேஸ் என்ற என்சைமைச் சேர்க்கிறார்கள். கம்பளியும் புரதம்தானே, அதற்குக் கறை எது ஸ்வெட்டர் எது என்று தெரியாது. இது சுருக்கத்தை உண்டாக்காது, ஆனால் பல துவைப்புக்குப் பிறகு முழங்கை மெலிந்து, நூல் பலமிழந்து, தொட்டால் ஓட்டை விழும். பூச்சி அரித்தது என்று பலர் நினைப்பதில் கொஞ்சமாவது இந்த வகை என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வழக்கமான டிடர்ஜென்டிலேயே லிக்விட் வகை இருக்கிறதே, அது போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதில் காரம் பவுடரை விடக் குறைவு, சரி, ஆனால் பெரும்பாலானவற்றில் புரோட்டீயேஸ் இருக்கும். கொஞ்சமாகப் போட்டாலும் என்சைம் தன் வேலையைச் செய்யும், மெதுவாகச் செய்யும், அவ்வளவுதான். அதனால் பாட்டிலின் பின்பக்கம் படியுங்கள்: கம்பளிக்கும் பட்டுக்கும் ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும், சேர்மானத்தில் என்சைமோ பிளீச்சோ இருக்கக் கூடாது. முன்பக்கம் மென்மை என்றோ குழந்தைத் துணிக்கு என்றோ பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். குழந்தைத் துணிப் பவுடரில் என்சைம் இல்லாவிட்டாலும் காரம் இருக்கலாம். குளோரின் பிளீச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது கம்பளியைக் கரைத்தே விடும். கையில் கம்பளி லிக்விட் இல்லாத வாரத்தில் சாதாரண ஷாம்பு கொஞ்சம் போட்டுத் துவைக்கலாம், முடிக்கென்று செய்தது என்பதால் கம்பளிக்கும் ஒத்துப்போகும். நுரை அதிகம் வரும் என்பதால் கைத்துவைப்புக்கு மட்டும்.

ஆனால் ஒன்று, நல்ல லிக்விட் வாங்கிவிட்டோம் என்று அதை ஊற்றி பருத்தி புரோகிராமில் ஓட்டினால் ஸ்வெட்டர் அப்போதும் சுருங்கும். லிக்விட் உருட்டலுக்கு மருந்து இல்லை.

அடுத்த ஸ்வெட்டரை எப்படித் துவைப்பது என்றால், முதலில் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். தொட்டிக்குள் கை படம் இருந்தால் கையால் துவைக்கலாம். தொட்டியின் அடியில் இரண்டு கோடு இருந்தால் மெஷினில் மிக மென்மையான ஓட்டம் மட்டும். தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் வீட்டில் தண்ணீரில் போடவே கூடாது. நனைப்பதற்கு முன்னால் ஸ்வெட்டரை ஒரு பெரிய தாளில் விரித்து ஓரம் முழுக்கப் பென்சிலால் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், இது எதற்கு என்று கடைசியில் தெரியும்.

வாளியில் 8 முதல் 10 லிட்டர் தண்ணீர், 30 டிகிரிக்குள். கையை விட்டால் சூடு என்று தோன்றவே கூடாது, லேசாகக் குளிர்ச்சியாகத் தோன்றினால் சரி. ஒரு மேசைக்கரண்டி லிக்விடை முதலில் தண்ணீரில் கலக்கிவிட்டு, உட்புறம் வெளியே திருப்பிய ஸ்வெட்டரை அமுக்கி நனைத்து, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். வேலையை ஊறல் செய்யும், நீங்கள் செய்ய வேண்டியது உள்ளங்கையால் சில தடவை மெதுவாக அழுத்தி விடுவது மட்டும். கசக்காதீர்கள், பிரஷ் போடாதீர்கள், மேலேயிருந்து குழாய்த் தண்ணீர் நேராக விழும்படி விடாதீர்கள். காலர், அக்குள் அழுக்கு என்றால் அந்த இடத்தில் ஒரு சொட்டு லிக்விட் தடவி வைத்தால் போதும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும், திடீர் மாற்றம் நல்லதில்லை. நுரை போகும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

தூக்கும்போதுதான் கவனம் வேண்டும். நனைந்த கம்பளி நிறையத் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும், தோளைப் பிடித்துத் தூக்கினால் அந்தக் கனத்திலேயே ஸ்வெட்டரின் கை இரண்டும் முழங்கால் வரை நீண்டுவிடும். இரண்டு கையையும் அடியில் கொடுத்து மொத்தமாக அள்ளி, முறுக்காமல் அழுத்தித் தண்ணீரை வடித்து, ஒரு பெரிய துண்டின் மேல் விரித்து, துண்டோடு சுருட்டி மேலே அழுத்துங்கள். பிறகு காய்ந்த துண்டில் தட்டையாகப் போட்டு, வரைந்து வைத்த ஓரத்துக்குச் சரியாக இழுத்து அமைத்துவிடுங்கள். முதல் துவைப்பில் லேசாகச் சிறுத்தது போல் இருந்தால் பயப்பட வேண்டாம், ஆலையில் இழுத்துப் பின்னிய நூல் தண்ணீரில் தளர்ந்து தன் நிலைக்கு வருவது அது, இழுத்துவிட்டால் சரியாகும். ஹீட்டர் மேல் போடாதீர்கள், ஹேங்கரிலும் மாட்டாதீர்கள்.

மெஷினில்தான் போட வேண்டும் என்றால் கம்பளிக்கான புரோகிராமில், 30 டிகிரியில், குறைந்த ஸ்பின்னில், பாதி நிரம்பிய டிரம்மில் போடலாம், ஆனால் மெஷினில் துவைக்கலாம் என்று லேபிள் சொல்லும் கம்பளியை மட்டும். அவற்றில் செதில்களை மழுக்கி மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள், அதனால் இழைகள் ஒன்றோடொன்று மாட்டாது. காஷ்மீர் ஸ்வெட்டரில் அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சுருங்கிய ஸ்வெட்டரில் கண்ணி தெரிந்தால் இதைச் செய்து பாருங்கள்: வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஹேர் கண்டிஷனர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, துண்டில் அழுத்தி எடுத்து, உங்களுக்குச் சரியாக இருக்கும் வேறொரு ஸ்வெட்டரின் அளவுக்குச் சிறிது சிறிதாக எல்லாப் பக்கமும் இழுத்து, ஓரங்களில் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். கண்டிஷனர் இழைகளை வழுக்க வைக்கும், அவ்வளவே அதன் வேலை. முழு அளவு திரும்பாது, ஓரளவு வரும். கண்ணி தெரியாத அளவுக்கு இறுகியிருந்தால் கத்திரிக்கோலை எடுங்கள். அந்தத் துணி வெட்டினாலும் நூல் பிரியாது, ஷூவுக்குள் போடும் கம்பளி அடித்தாள் இரண்டு ஜோடி தாராளமாகக் கிடைக்கும்.