ஸ்பீக்கர் சொல்லாத பணம்: கட்டியதாகச் சொல்பவரே நிரூபிக்க வேண்டும்

கேள்வி: ஐயா, திருகோணமலை மத்திய வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு ஏழே கால் மணியளவில் ஒருவர் 14,350 ரூபாவுக்குச் சாமான் எடுத்துக் கியூஆரில் காசு கட்டிவிட்டேன் என்றார். பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய போனில் பச்சைச் சரி அடையாளம் தெரிந்தது. சாமானை வாகனத்தில் ஏற்றிவிட்டதால், அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினேன். இன்று செவ்வாய்க்கிழமை, இன்னும் கணக்கில் காசு வரவில்லை. அட்டையைத் தராவிட்டால் பொலிசுக்குப் போவேன் என்கிறார். நான் முந்திக்கொண்டு ஏமாற்று என்று முறைப்பாடு கொடுக்கலாமா?

பதில்:

அந்த அடையாள அட்டையை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலை பெறாத விற்பனையாளருக்கு 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஓர் உரிமையைத் தருகிறது. பணம் கைக்கு வரும் வரை, விற்ற பொருளைத் தம் வசமே வைத்திருக்கலாம் என்பதே அது. அந்த உரிமை நீங்கள் விற்ற அரிசி மூடைக்கும் எண்ணெய்ப் போத்தலுக்கும் உரியதே தவிர, வாங்கியவருடைய அட்டைக்கோ போனுக்கோ உரியதன்று. சாமான் வாகனத்தில் ஏறி அவர் கைக்குப் போனதோடு அந்த உரிமையும் முடிந்துவிட்டது. இனி உங்களிடம் மிஞ்சியிருப்பது, விலையைக் கேட்டுப் பெறும் கடன் உரிமை மட்டுமே. அட்டையை வைத்திருப்பதால் அந்த உரிமை ஓர் அங்குலமும் வலுப்பெறாது. மாறாக, குற்றஞ்சாட்டப்படும் இடத்தில் உங்களை நிறுத்திவிடும். திருப்பிக் கொடுக்கும்போது, சனிக்கிழமை எடுத்த சாமான்களின் பட்டியலையும் 14,350 ரூபா என்ற தொகையையும் எழுதிய பில்லின் பிரதியில் அவருடைய கையொப்பத்தைப் பணிவாகக் கேளுங்கள். பணம் கட்டியதாக நம்புகிறவர் கையொப்பமிடத் தயங்கமாட்டார். அந்த ஒரு தாள், விற்பனை நடந்ததற்கும் சாமான் கைமாறியதற்கும் உங்களுக்குச் சான்றாகும்.

விற்பனையும் கையளிப்பும் நிறுவப்பட்டுவிட்டால், மீதிச் சுமை அவருடையது. ஒரு குறிப்பிட்ட விடயம் நடந்தது என்று நீதிமன்றம் நம்ப வேண்டுமென விரும்புகிறவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு சொல்கிறது. பணம் கட்டவில்லை என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கட்டினேன் என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் இதைக் கேட்டு ஆறுதல் அடைவதற்கு முன், எது நிரூபணம், எது நிரூபணம் அன்று என்பதை நீங்கள் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இத்தகைய பிணக்குகளில் இரு தரப்பாரும் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

ஸ்பீக்கரின் மௌனம், பணம் வரவில்லை என்பதற்கு நிரூபணம் அன்று. அது செய்தி சொல்லும் ஒரு கருவி மாத்திரமே. உள்ளே இருக்கும் சிம் அட்டை அல்லது கடையின் வைஃபை வழியாக வங்கியின் அறிவிப்பு வந்தால்தான் அது பேசும். சமிக்ஞை இல்லை, மின்கலம் இறங்கிவிட்டது, சத்தம் குறைத்து வைக்கப்பட்டிருந்தது என்றால் பணம் கணக்கில் விழுந்தாலும் அது வாய் திறக்காது. போனின் பச்சைச் சரி அடையாளமும் அதேபோல் நிரூபணம் அன்று. அது உண்மையான செயலியின் திரையாக இருக்கலாம்; முந்தைய ஒரு கொடுப்பனவின் படமாகவும் இருக்கலாம்; அப்படியொரு திரையை வரைந்து காட்டும் போலியாகவும் இருக்கலாம். நிரூபணம் வங்கிப் பதிவேட்டில் இருக்கிறது. அவருடைய கணக்கில் விழுந்த பற்று, உங்களுடைய வியாபாரக் கணக்கில் விழுந்த வரவு, இரண்டையும் இணைக்கும் கொடுக்கல் வாங்கல் இலக்கம் ஆகியவையே அது. இத்தகைய மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்க 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இடமளிக்கிறது.

எனவே பொலிஸ் நிலையத்தின் படி ஏறுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது, சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து கடை பூட்டும் வரை உங்கள் வியாபாரச் செயலியில் பதிவான கொடுப்பனவுகள் அனைத்தையும் எடுத்துப் பார்ப்பதாகும். ஏழே காலுக்கு முன்னும் பின்னும் வேறு யாரோ கட்டிய பணம் பட்டியலில் இருக்கிறதா, அவற்றை ஸ்பீக்கர் சொன்னதா என்று கடைப் பையனிடமும் கேளுங்கள். ஏழு மணிக்கும் ஏழரைக்கும் வந்தவற்றை அது சொல்லியிருந்து, நடுவில் உள்ள இந்த ஒன்று மட்டும் பட்டியலிலும் இல்லை, சத்தத்திலும் இல்லை என்றால், கருவி நன்றாகவே இயங்கியது, பணம்தான் உங்கள் கணக்கிற்கு வரவில்லை. மாறாக, பட்டியலில் மூன்று கொடுப்பனவுகள் இருந்து அவற்றில் ஒன்றைக்கூட ஸ்பீக்கர் சொல்லவில்லை என்றால், உங்கள் சந்தேகம் முழுவதும் ஒரு பழுதான கருவியின் மேல் எழுப்பப்பட்டது. கமரா இருந்தால் அந்த அரை மணி நேரப் பதிவை இன்றே வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். நினைவகம் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும்.

அதன் பிறகு அவரிடம் கேட்க வேண்டியது போன் திரையின் படத்தை அன்று. அவர் தம் வங்கிச் செயலியை உங்கள் முன் திறந்து, கொடுக்கல் வாங்கல் வரலாற்றுக்குள் சென்று, அந்தப் பதிவைத் தொட்டுக் காட்ட வேண்டும். அதில் நான்கு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தொகை, நேரம், இலக்கம், பணம் பெற்றவரின் பெயர். நான்காவதைப் பலர் கவனிப்பதே இல்லை. லங்கா கியூஆர் அட்டைக்குள் வியாபாரியின் அடையாள இலக்கத்தோடு கடையின் பெயரும் ஊரும் பதிந்திருப்பதால், ஸ்கேன் செய்தவுடன் அந்தப் பெயர் வாங்குபவரின் திரையில் தோன்றும்.

அந்தப் பெயரில்தான் விடை இருக்கும் என்பதை ஒரு வழக்கில் நேரடியாகக் கண்டேன். உப்புவெளிப் பக்கத்தில் மின்சாதனக் கடை நடத்தும் ஒருவர், உங்களைப் போலவே கொதித்துப்போய் என்னிடம் வந்தார். ஒரு மின்விசிறியும் ஒரு மின்கேத்தலும் 11,900 ரூபா; வாங்கியவர் நிலாவெளியில் வேலை செய்யும் இளைஞர். ஸ்பீக்கர் பேசவில்லை, கணக்கில் பணமில்லை, ஆனால் இளைஞர் அழாத குறையாகக் கட்டிவிட்டேன் என்றார். கடைக்காரர் நான்கு பேர் முன்னிலையில் அவரைக் கள்ளன் என்று சொல்லிவிட்டார். என் அலுவலகத்தில் இருவரையும் எதிரெதிரே அமர்த்தி, இளைஞரின் செயலியைத் திறந்து பார்த்தபோது, பெற்றவர் பெயர் அதே கடைதான். தொகையும் நேரமும் சரியாகவே இருந்தன. கடைக்காரரின் முகம் மாறியது. எட்டு மாதத்துக்கு முன் அவர் வங்கியை மாற்றிப் புதிய கியூஆர் அட்டையும் புதிய ஸ்பீக்கரும் பெற்றிருந்தார். பழைய வங்கியின் ஸ்டிக்கர் கண்ணாடி அலுமாரியின் பக்கவாட்டில் அப்படியே ஒட்டியிருந்தது. வரிசையில் ஒதுங்கி நின்ற இளைஞர் கைக்கு எட்டிய அதை ஸ்கேன் செய்திருக்கிறார். 11,900 ரூபா கடைக்காரரின் பழைய கணக்கில் பத்திரமாக இருந்தது. புதிய ஸ்பீக்கர் அதைச் சொல்லியிருக்க வழியே இல்லை. இளைஞர் சொன்னதும் உண்மை, ஸ்பீக்கர் மௌனமாக இருந்ததும் சரி. கடைக்காரர் அதே நால்வர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார். கேட்டிராவிட்டால் மானநட்டம் கோரும் குடியியல் வழக்கில் அவர் பக்கம் பேச எனக்கு அதிகம் இருந்திராது.

உங்கள் விடயத்தில் பெயர் உங்களுடையதாக இருந்து, பதிவு ‘வெற்றி’ என்று காட்டினால், அந்த இலக்கத்தோடு உங்கள் வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள். அவருடைய கணக்கில் கழிந்த பணம் உங்கள் கணக்கில் சேராமல் இடையில் நிற்கும் நிலை அரிதாகவே ஏற்படுகிறது, ஆனால் ஏற்படுகிறது. அப்போது அவரும் தம் வங்கியிடம் அதே இலக்கத்தோடு முறையிட வேண்டும். பணம் அவருக்கே திரும்பியிருந்தால் விலை இன்னும் செலுத்தப்படவில்லை, அவர் மீண்டும் கட்ட வேண்டும். வங்கி உரிய பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அணுகலாம்.

பெயர் முன்பின் தெரியாத ஒருவருடையதாக இருந்தால், உங்கள் மேசையிலுள்ள கியூஆர் அட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அதன் மேல் யாராவது வேறொன்றை ஒட்டியிருக்கக்கூடும். அப்படியானால், நீங்கள் காட்டிய இடத்தில் நல்லெண்ணத்துடன் பணம் செலுத்தியவரிடம் மறுபடி விலை கேட்பது கடினம் என்பது என் கருத்து. உங்கள் நடத்தையை நம்பி ஒருவர் செயற்பட்ட பின் அதை மறுத்துப் பேசச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு தடைபோடுகிறது என்று அவருடைய சட்டத்தரணி வாதிடுவார், அந்த வாதம் பலமானது. அந்த நிலையில் பொலிஸ் முறைப்பாடு ஸ்டிக்கரை ஒட்டியவருக்கு எதிராகவே அமைய வேண்டும்.

அவருடைய செயலி வரலாற்றில் அப்படியொரு பதிவே இல்லை, அல்லது திறந்து காட்டவே மறுக்கிறார் என்றால்தான் நீங்கள் கேட்ட ஏமாற்றுக் குற்றத்துக்கு வருகிறோம். தண்டனைச் சட்டக் கோவையின் 398ஆம் பிரிவின்படி, பொருளைப் பெறும் அந்த நேரத்திலேயே வஞ்சிக்கும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். போலித் திரை அந்த எண்ணத்தைக் காட்டும். இணையம் அறுந்து பாதியில் நின்ற கொடுப்பனவை முடிந்ததென்று நம்பியது காட்டாது. ஆகவே முறைப்பாட்டில் ‘ஏமாற்றினார்’ என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். இந்த நேரத்தில் வந்தார், இன்னதை எடுத்தார், இந்தத் திரையைக் காட்டினார், இன்றுவரை பணம் வரவில்லை, பதிவைக் காட்ட மறுத்தார் என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். கமராப் படத்தை முகநூலில் போடுவதை முற்றாகத் தவிருங்கள்.

குற்றம் இல்லை, கடன் மட்டும் நிற்கிறது என்றால், இவ்வளவு சிறிய தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் மத்தியஸ்த சபைக்கு எழுத வேண்டும். அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் கிடைத்த பின்னரே வழக்குத் தாக்கல் செய்யலாம். விற்றுக் கையளித்த பொருளின் விலைக்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் தரும் காலம் ஓராண்டு மட்டுமே என்பதால், அந்தச் சனிக்கிழமையின் திகதியை பில்லின் பிரதியில் தெளிவாக எழுதி வையுங்கள். இன்று அவரை அழைக்கும்போது அடையாள அட்டையை மேசையில் அவர் பக்கமாக வைத்துவிட்டு, அதன் பின் செயலியைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.