நீண்ட விடுப்புக்கு முன் ஹேண்டோவர் குறிப்பு: போன் வராமல் இருக்க என்ன எழுதுவது?

கேள்வி: "அடுத்த மாதம் ஆறு வாரம் ஊருக்குப் போகிறேன். போன தடவை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன், அப்படியும் ஆபீஸிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. இந்தத் தடவை குறிப்பை எப்படி எழுதினால் கூப்பிட மாட்டார்கள்?"

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பைன்டவுனில் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன், எனக்கும் இதேதான் நடந்தது. 2022இல் ஊருக்குப் போகும் முன் பதினோரு பக்கம் எழுதி வைத்தேன். எந்த மெனுவைத் திறப்பது, எந்தப் பட்டனை அழுத்துவது என்று திரைப் படங்களோடு. ஆனாலும் இங்கே மாலை நாலரைக்கு அவர்கள் வேலையை முடிக்கும்போது அங்கே இரவு எட்டு மணி, சாப்பிட உட்காரும் நேரத்துக்குச் சரியாகப் போன் அடிக்கும்.

திரும்பி வந்ததும் போனில் இருந்த அழைப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எதற்கு வந்தது என்று நினைவுபடுத்தி எழுதினேன். மொத்தம் 19. அதில் "எப்படிப் பண்ணுவது" என்று கேட்டவை மூன்றே மூன்று. மற்றதெல்லாம் "இப்படிப் பண்ணலாமா?" என்று அனுமதி கேட்டவை, இல்லாவிட்டால் என் கையில் மட்டுமே இருந்த ஏதோ ஒன்றுக்காக வந்தவை. பதினோரு பக்கமும் அந்த மூன்று அழைப்புக்காக எழுதியது என்று அப்போதுதான் புரிந்தது.

2024இல் ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 27 வரை விடுப்பு எடுத்தபோது வேறு மாதிரி செய்தேன். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, யார் வந்து என்ன கேட்டாலும் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு வரி எழுதிக்கொண்டேன். குறிப்பின் பாதி அந்த நோட்டிலிருந்துதான் வந்தது. நாமாக உட்கார்ந்து யோசித்தால் நமக்குக் கஷ்டமான வேலைதான் ஞாபகத்துக்கு வரும், பிறர் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது வராது.

அந்த நோட்டில் அடிக்கடி வந்த கேள்வி ஒன்று: "ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்தவருக்கு ஒன்றரை மடங்கா, இரட்டிப்பா?" இங்குள்ள சட்டப்படி, வழக்கமாகவே ஞாயிறும் வேலை நாளாக உள்ளவருக்கு ஒன்றரை மடங்கு, மற்றவர்களுக்கு இரண்டு மடங்கு. இதை மட்டும் எழுதி வைத்திருந்தால் போன் வந்திருக்கும், ஏனென்றால் யார் எந்த வகை என்பது என் தலைக்குள்தான் இருந்தது. அதனால் இப்படி எழுதினேன்: "பாய்லர் ஆட்களுக்கும் இரவுக் காவலர்களுக்கும் ஒப்பந்தத்திலேயே ஞாயிறு உண்டு, ஒன்றரை போடவும். மற்ற எல்லோருக்கும் இரண்டு. இதில் யாராவது சண்டை போட்டால் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நிதி மேலாளரிடம் போகவும், அவர் சொல்வதே முடிவு, என்னைக் கேட்க வேண்டாம். முடிவைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைக்கவும்." விதி, யாருக்கு எது, தகராறு வந்தால் யார் முடிவு, நான் வந்ததும் பார்க்க எங்கே எழுதுவது. ஒவ்வொரு கேள்விக்கும் இந்த நாலும் இருந்தால் அந்தக் கேள்வி உங்கள் போனுக்கு வருவதற்கு வழியே இல்லை.

இன்னொன்று, 2,000 ராண்டுக்குள் வரும் சம்பளத் திருத்தத்தை என் வேலையைப் பார்த்துக்கொள்பவரே செய்யலாம், அதற்கு மேல் மேலாளர் கையெழுத்து வேண்டும் என்று எழுதி, கிளம்பும் முன்பே மேலாளரிடம் அந்தப் பக்கத்தில் கையெழுத்து வாங்கினேன். என் வார்த்தை மட்டும் இருந்தால் அவர் துணிந்து செய்ய மாட்டார். பயத்தில் என்னைக் கூப்பிடுவார், அது அவர் தப்பும் இல்லை.

தேதிகளை "மாதா மாதம் 7ஆம் தேதி" என்று எழுதாதீர்கள், அந்த மாதத்தின் உண்மையான நாளை எழுதுங்கள். ஊழியர்களிடம் பிடித்த வரிக்கு EMP201 தாக்கல் செய்து பணம் கட்டுவதற்கு அடுத்த மாதம் 7ஆம் தேதிதான் கடைசி நாள். ஆனால் அது விடுமுறையில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலை நாளுக்குள் கட்டிவிட வேண்டும். 2024 செப்டம்பர் 7 சனிக்கிழமை. ஆகவே கடைசி நாள் வெள்ளி, 6ஆம் தேதி. "7ஆம் தேதி" என்று மட்டும் பார்த்தவர் திங்கட்கிழமை நிதானமாகக் கட்டுவார், கட்ட வேண்டிய தொகையில் 10% அபராதம் வந்து நிற்கும். அதே போல எங்கள் சம்பள நாள் 25. ஆகஸ்டில் அது ஞாயிறு, ஆகவே வெள்ளி 23. செப்டம்பரில் 25ஆம் தேதி புதன்தான், ஆனால் முந்தைய நாள் 24 பாரம்பரிய தின விடுமுறை, அதனால் வங்கிக் கோப்பை 23ஆம் தேதி திங்களன்றே ஏற்றிவிட வேண்டும். இந்த நாலு தேதியும் கிழமையோடு முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தன.

அடுத்தது என் கையில் மட்டும் இருந்த விஷயங்கள். 2022இல் மிக மோசமான அழைப்பு, வரி கட்டும் eFiling இணையதளம் அனுப்பும் ஒருமுறைக் கடவுக்குறியீட்டுக்கு வந்ததுதான். அது என் தென்னாப்பிரிக்க எண்ணுக்குப் போகும், நானோ அந்த சிம்மைக் கழற்றி வைத்திருந்தேன். பாஸ்வேர்டை எழுதி வைத்தால் இது தீராது, அது சரியான செயலும் இல்லை. அவருக்கென்று தனிப் பயனர் கணக்கும் தேவையான உரிமையும் வாங்கிக் கொடுங்கள், வங்கியிலும் அப்படியே. உரிமை கிடைக்க நாள் ஆகும், ஆகவே குறிப்பில் முதலில் தொடங்க வேண்டியது இதுதான்.

எழுதி முடித்ததும் என் வேலையைப் பார்த்துக்கொள்ள இருந்த அக்காவிடம் ஜூலை மாதச் சம்பளத்தைப் போடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது, அதனால் குறிப்பு ஆங்கிலத்தில்தான். மூன்று மணி நேரத்தில் ஏழு தடவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, இந்த ஆள் பாதி மாசத்தில் நின்னுட்டார், நான் இப்போ என்ன போடணும்?" நான் வாயால் பதில் சொல்லவில்லை, அந்த இடத்திலேயே குறிப்பில் எழுதினேன், அவர் அதைப் படித்துச் செய்தார். நின்றவருக்கு வேலை பார்த்த நாட்களுக்கான சம்பளம், மீதி விடுப்புக்கான பணம், வேலையின்மைக் காப்பீட்டுக்கான UI-19 படிவம் மூன்றும் வேண்டும் என்பது அப்படித்தான் உள்ளே வந்தது. எனக்குக் கை தன்னால் போகும் வேலை என்பதால் எழுதத் தோன்றவே இல்லை.

நிலுவையில் உள்ளவற்றுக்கு ஒரு பக்கம் போதும்: என்ன, கடைசியாக யாரிடம் பேசினேன், அடுத்து அவர்கள் கூப்பிடுவார்களா நாம் கூப்பிட வேண்டுமா. நான் திரும்பும் வரை அப்படியே கிடக்கலாம் என்பவற்றை "காத்திருக்கலாம்" என்று தனியாக எழுதுங்கள், அவசரம் என்று நினைத்துத்தான் பல பேர் கூப்பிடுகிறார்கள்.

எதற்குக் கூப்பிடலாம் என்பதையும் எழுதினேன்: சம்பளக் கோப்பை வங்கி திருப்பி அனுப்பி, மேலாளராலும் சரி செய்ய முடியவில்லை என்றால் மட்டும், அதுவும் இங்கே மதியம் இரண்டு மணிக்குள். ஆறு வாரத்தில் ஒரு அழைப்பு வந்தது. அதுவும் வேலைக்காக இல்லை, ஊர்க் கல்யாண போட்டோவைப் பார்த்துவிட்டு அக்காதான் கூப்பிட்டார். வந்து பார்த்தால் குறிப்பின் ஓரங்களில் பென்சிலால் அவர் எழுதியது பதினைந்து வரி இருந்தது. அடுத்த விடுப்புக்கு அந்தப் பிரதியைத்தான் திருத்தி வைத்திருக்கிறேன்.