கைக்குழந்தைக்கு நாடி எங்கே பிடிக்கணும்?

"அக்கா, நாங்க இங்கே வந்து மூணு மாசம்தான் ஆகுது. ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல்னு போன் பண்ணினப்போ நர்ஸ் நாடி எவ்வளவுன்னு கேட்டாங்க. மணிக்கட்டில் தொட்டா ஒண்ணுமே தெரியலை. ஏழு மாசக் குழந்தைக்கு எப்படிப் பார்க்கறது?"

மணிக்கட்டை விட்டுடுங்க தங்கச்சி. ஒரு வயசுக்குள்ள அங்கே நாடி பிடிபடறது கஷ்டம். கழுத்தும் குட்டையா, மடிப்பா இருக்கும். மேல்கையின் உள்பக்கம்தான் சரியான இடம்.

குழந்தையை மல்லாக்கப் படுக்கவெச்சு, கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி வைங்க. அக்குளுக்கும் முழங்கைக்கும் நடுவில், உள்பக்கமா, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து எலும்பைப் பார்த்து மெதுவா அழுத்துங்க. துடிப்பு தெரியலைன்னா நாம பதற்றத்தில் இன்னும் அழுத்துவோம். அப்போ ரத்தக்குழாய் மூடிக்கிட்டு, இருக்கிற துடிப்பும் போயிடும். விரலைத் தளர்த்தி, ஒரு நூல் அளவு நகர்த்திப் பாருங்க.

என் மகனுக்கும் இதே வயசில் காய்ச்சல் வந்து, நானும் போனைக் காதில் வெச்சுக்கிட்டு எண்ணினேன். 92 வந்தது. "கட்டை விரலால பிடிச்சீங்களா?"ன்னு நர்ஸ் கேட்டாங்க. ஆமாம். கட்டை விரலில் நம்ம நாடியே துடிக்கும். நான் எண்ணினது என்னோடதை. ரெண்டு விரலால திரும்பப் பிடிச்சு, கால் நிமிஷத்தில் 39 எண்ணி, நாலால பெருக்கி 156ன்னு சொன்னேன். முழு நிமிஷமும் எண்ணச் சொன்னாங்க, 148 வந்தது. கால் நிமிஷக் கணக்கில் ரெண்டு துடிப்பு பிசகினா நிமிஷத்துக்கு எட்டு பிசகிடும். போதாததுக்கு, குழந்தை மூச்சு விடறதைப் பொறுத்தே துடிப்பு கொஞ்சம் வேகமாகும், கொஞ்சம் குறையும். அதனால அறுபது விநாடியும் எண்ணுங்க. கடிகாரத்தை வீட்டுக்காரர் பார்த்துக்கட்டும். எண்ணறதை மனசுக்குள்ள தமிழ்லயே எண்ணுங்க. அவ்வளவு வேகமான துடிப்புக்கு வேற மொழி நாக்கில் தடுக்கும்.

முழிச்சு அமைதியா இருக்கிற குழந்தைக்குப் பொதுவா 100லிருந்து 160 வரை இருக்கும். தூங்கும்போது 90 வரை இறங்கலாம். அழுகையிலயும் காய்ச்சலிலயும் ஏறும், அதனால அழுகை அடங்கினதும் எண்ணுங்க. அமைதியா இருக்கும்போதும் 220க்கு மேல குறையாம ஓடினா, இல்லை முழிச்சிருக்கும்போது 100க்குக் கீழே இருந்து குழந்தை துவண்டு கிடந்தா, உடனே அவசர எண்ணைக் கூப்பிடுங்க.

மூச்சுக்குத் திணறினாலோ, உதடு நீலமா மாறினாலோ எண்ணிக்கிட்டு நிக்காதீங்க, முதல்ல ஆம்புலன்ஸ். கூப்பிட்டும் அசைவே இல்லை, மூச்சும் இல்லைன்னா நாடியைத் தேடவே வேண்டாம். அவசர எண்ணை ஸ்பீக்கரில் போட்டு, அவங்க சொல்றபடி நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க.

நர்ஸ்கிட்ட எண்ணை மட்டும் சொல்லாதீங்க. "148, முழு நிமிஷம் எண்ணினேன், முழிச்சிருக்கா, அழலை, காய்ச்சல் இவ்வளவு"ன்னு சேர்த்துச் சொன்னாத்தான் அவங்களால முடிவெடுக்க முடியும்.