உப்பு கரைந்தால் நிறை எங்கே போகிறது? பத்து வயதுப் பிள்ளையும் விஞ்ஞான பாடமும்: கேள்வி பதில்

நான் ஓய்வுபெற்ற ஆரம்பப்பிரிவு ஆசிரிய ஆலோசகர். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கப் பள்ளிக்கூடங்களில் பல வருடம் தரம் 4, 5 வகுப்புகளின் பின்வாங்கில் இருந்து பாடம் பார்த்தவள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் உப்பில் வந்து நின்றதால் இந்த முறை உப்போடேயே நிற்கிறேன்.

முழங்காவில், தரம் 5 ஆசிரியை: ரீச்சர், உப்பைத் தண்ணீரில் கரைத்துக் காட்டி "உப்பு எங்கே?" என்று கேட்டேன். "தண்ணிக்குள்ள கிடக்கு" என்று எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். "நிறை கூடியிருக்குமா?" என்றதும் பாதிப்பேர் "இல்லை" என்கிறார்கள். விளங்கிவிட்டதா, விளங்கவில்லையா?

ஒன்று விளங்கிவிட்டது, மற்றது இன்னும் இல்லை. இரண்டும் ஒரே நாளில் வருவதில்லை. சீனிக்கட்டியைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைகளிடம் இதே கேள்விகளை, பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயும் இன்ஹெல்டரும் கேட்டு, 1941இல் எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் "பொருள் அங்கேதான் இருக்கிறது" என்பது பிடிபடுகிறது, ஏறக்குறைய ஏழு, எட்டு வயதில். "நிறையும் அப்படியே" என்பது ஒன்பது, பத்தில். "இடமும் பிடிக்கிறது" என்பது பதினொன்று, பன்னிரண்டில். வயதுகள் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். வரிசை அவ்வளவாக மாறுவதில்லை.

உங்கள் வகுப்பு முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு பையன் எனக்குச் சொன்னது: "உப்பு கரைஞ்சு போச்சுது, ருசி மட்டும்தான் மிச்சம். ருசிக்குப் பாரம் இல்லைத்தானே?" அவன் யோசிக்காமல் சொல்லவில்லை. கையில் உணர்கிற பாரத்தைத்தான் அவன் நிறை என்கிறான். கட்டியாக இருந்த உப்பைத் தூக்கலாம், ருசியைத் தூக்க முடியாது.

அதனால் "உப்புக்கு என்ன நடந்தது?" என்று ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். இருக்கிறதா, நிறுக்குமா, இடம் பிடிக்குமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதிலைக் கொப்பியில் எழுதிய பிறகுதான் தராசைத் தொடலாம். எழுதாவிட்டால் முடிவைக் கண்டதும் "நானும் அதைத்தான் நினைச்சனான்" என்று விடுவார்கள்.

துணுக்காய், ஆசிரியர்: எங்களிடம் இலத்திரன் தராசு இல்லை. கிராம் பார்க்காமல் இதை எப்படிக் காட்டுவது?

கிராம் இல்லாதது இங்கே நல்லதே. 200 கிராம் தண்ணீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து 220 என்ற இலக்கத்தைக் காட்டினால் பிள்ளை அதைப் பாடமாக்கிவிடும். தராசு சரியாமல் நிற்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

ஒரு அடிமட்டத்தை நடுவில் நூலால் கட்டித் தூக்குங்கள். இரு நுனியிலும் ஒரே அளவான இரண்டு பிளாஸ்டிக் மூடிகளைத் தொங்கவிடுங்கள். ஒரு பக்கத்தில் பாதி தண்ணீர் உள்ள சின்ன பிளாஸ்டிக் கோப்பை, அதற்குள் கிளறுவதற்கு ஒரு ஈர்க்குத் துண்டு, பக்கத்திலே கடதாசியில் மடித்த இரண்டு தேக்கரண்டி உப்பு. மற்றப் பக்கத்தில் மணலைப் போட்டுச் சமன் செய்யுங்கள். இப்போது உப்பைக் கோப்பைக்குள் கொட்டி, வெறுங்கடதாசியைத் திரும்ப அதே மூடியில் வைத்து, ஈர்க்கால் மெதுவாகக் கரைத்து, ஈர்க்கை உள்ளேயே விடுங்கள். தராசு அப்படியே நிற்கும்.

பிழைக்கும் இடங்களைச் சொல்கிறேன். கடதாசியை மறந்தால் தராசு மறுபக்கம் சரியும், "பார்த்தீங்களா, குறைஞ்சிட்டுது" என்பார்கள். ஈர்க்கை வெளியே எடுத்தால் அதோடு துளித் தண்ணீரும் போகும். இவற்றைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு: தராசு மந்தமாக இருந்தால் எது நடந்தாலும் அது அசையாது. அப்போது நீங்கள் எதையும் காட்டவில்லை. ஆகவே முதலில் உப்புப் பொட்டலத்தைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். தராசு நன்றாகச் சரிந்தால்தான் அந்தத் தராசை நம்பலாம். இந்தச் சோதனையைப் பிள்ளைகளையே செய்யவிடுங்கள், "தராசு பொய் சொல்லுது" என்ற வாதம் பிறகு எழாது.

ஒட்டுசுட்டான், கல்வியியற் கல்லூரி மாணவி: தரம் 5 பிள்ளை, கைக்கும் கண்ணுக்கும் எட்டுவதை வைத்தே யோசிக்கிற தூல சிந்தனைப் பருவத்தில் இருக்கிறது. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளைப் பற்றித் தரம் 7 வரை வாயே திறக்கக் கூடாது, சரிதானே?

பாதி சரி. துணிக்கைகளை வைத்து நிறையை விளக்கப் போகாதீர்கள், அது விளங்காததை விளங்காததால் விளக்குவது. ஆனால் இந்த வயதில் தர்க்கம் இல்லை என்று எடுக்கக் கூடாது. "போட்டதைத் திரும்ப எடுக்கலாம், ஆகவே அது போய்விடவில்லை" என்று பத்து வயதுப் பிள்ளை தானாகவே யோசிக்கும். ஆனால் போட்டதும் எடுத்ததும் அதன் கைக்கும் கண்ணுக்கும் எட்டவேண்டும்.

அதனால் கரைசலை ஒரு தட்டையான தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். ஆனையிறவுப் பக்கத்துப் பிள்ளை இதை உப்பளத்தில் பார்த்தே வளர்ந்திருக்கும். உப்பு திரும்பி வந்ததும் மறுபடி தராசில் வையுங்கள். நன்றாகக் காயாவிட்டால் தண்ணீர் பிடித்துப் பாரமாக நிற்கும், இரண்டு மூன்று நாள் பொறுக்கவேண்டும். மழைக்காலத்தில் இந்தப் பாடத்தைத் தொடங்காதீர்கள்.

துணிக்கைக்குப் போகுமுன் ஒரு படி இருக்கிறது. ஒரு நெல்மணியைக் கையில் கொடுத்து "இதுக்கு நிறை இருக்கா?" என்று கேளுங்கள். "இல்லை" என்று சொல்லும் பிள்ளை தரம் 5இலும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற நெல்லுக்கே நிறை இல்லை என்கிற பிள்ளைக்கு, தெரியாத துணிக்கைக்கு நிறை உண்டென்று சொல்லி என்ன பயன்? நூறு நெல்லை எண்ணி உங்கள் தராசில் போடுங்கள். ஏறக்குறைய 2 கிராம் வரும், நல்ல தராசு சரியும். பிறகு "நூறுக்கு நிறை இருக்கு, ஒன்றுக்கு இல்லையென்றால், எத்தனையாவது மணியில் நிறை வந்தது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வகுப்பு தானாகவே சண்டை பிடிக்கும்.

பரந்தன், ஒரு தாய்: வீட்டில் மகளிடம் உப்புக் கேள்வியைக் கேட்டேன். பத்து வயது, பிழையாகச் சொல்லிவிட்டாள். புலமைப்பரிசில் வேறு வருகிறது. டொக்டரிடம் காட்டவேண்டுமா?

வேண்டாம் அம்மா. இது நோய் பார்க்கிற கேள்வி இல்லை. அவளுடைய வயதில் பல பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் சரியான பதிலைச் சொல்லிக்கொடுத்தால் அவள் ஒப்புவிப்பாள், மாற்றிக் கேட்டால் மறுபடி தடுமாறுவாள். அடுத்த முறை சோற்றுக்கு உப்புப் போடும்போது அவளையே பானையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லவும் வேண்டாம், கைக்கு அவ்வளவு நுட்பமான கணக்கு தெரியாது. மேலே சொன்ன அடிமட்டத் தராசு போதும்.

புதுக்குடியிருப்பு, தரம் 6 விஞ்ஞான ஆசிரியர்: அளவுச்சாடியில் 200 மில்லிலீற்றர் தண்ணீர், அதில் 20 கிராம் உப்பு. கரைத்த பிறகு மட்டம் கீழே இறங்கியது! பிள்ளைகள் முன் வாயடைத்து நின்றேன்.

நீங்கள் பிழை விடவில்லை. 20 கிராம் உப்புக்கட்டி ஏறக்குறைய 9 மில்லிலீற்றர் இடம் பிடிக்கும். போட்டவுடன் மட்டம் அவ்வளவு ஏறும். கரைந்த பிறகு 6, 7 மில்லிலீற்றர் அளவுக்குத்தான் ஏறி நிற்கும். உப்பின் அயன்கள் நீரின் மூலக்கூறுகளைத் தங்களைச் சுற்றி நெருக்கமாக இழுத்துக்கொள்வதால் இந்தச் சுருக்கம். நிறை மாறுவதில்லை, கனவளவு கொஞ்சம் மாறும்.

ஆகவே "இடம் பிடித்தல்" என்பதைக் கற்பிக்க உப்பு நல்ல பொருள் இல்லை. களிமண் உருண்டையும், அதே பருமனுள்ள கல்லும் எடுங்கள். நூலில் கட்டி ஒவ்வொன்றாக நீருக்குள் முழுக்க இறக்குங்கள். இறக்குமுன் "எது தண்ணியைக் கூட உயர்த்தும்?" என்றால் பலர் பாரமானதைக் காட்டுவார்கள். பாரத்தையும் பருமனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற இடம் இதுதான். பிறகு அதே உருண்டையைத் தட்டையாக்கி மறுபடி இறக்குங்கள். அடர்த்தி என்ற சொல்லை இதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

நெடுங்கேணி, விவசாயி: நாங்கள் முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புத் தண்ணி கரைத்து விதைநெல்லைப் போட்டுப் பதர் பிரிக்கிறோம். அதை விடப் பெரிய விஞ்ஞானமா இதெல்லாம்?

பெரிதில்லை ஐயா, உங்களுடையதுதான் கடினமான பாடம்! முட்டை ஏன் மிதக்கிறது என்று சொல்ல நிறையையும் கனவளவையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்து வகுக்கவேண்டும். தரம் 5 பிள்ளைக்கு அது அதிகம். ஆனால் "ஒவ்வொரு கரண்டி உப்புக்கும் முட்டை எவ்வளவு மேலே வருகிறது" என்று கோடு போட்டு வரிசைப்படுத்தச் சொன்னால் அழகாகச் செய்வார்கள். உங்கள் வாளியை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள், காரணத்தை இப்போதைக்குக் கேட்காமல் விடுவோம். முளைக்கப் போடுமுன் விதையை நல்ல தண்ணியில் கழுவுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்குக் காரணம் கேட்டால் பிள்ளைகள் நன்றாகவே சொல்வார்கள்.

வவுனியா, கல்வியியல் விரிவுரையாளர்: பியாஜேயின் முறையே சந்தேகத்துக்குரியது. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் பிள்ளை "முதற்பதில் பிழை போல" என்று மாற்றிவிடும். வயதுப் படிகளை எழுதிவைப்பது ஆபத்து.

மறுக்கவில்லை. 1974இல் ரோஸ், பிளாங்க் இருவரும் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் எண்ணிக்கைக் கேள்வியை, பொருட்களின் வரிசையை மாற்றி வைத்த பிறகு மட்டும் ஒரே முறை கேட்டபோது பிழைகள் குறைந்தன. 1969இல் மெக்சிக்கோவில் மட்பாண்டம் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளில் வந்த ஆய்வும் உண்டு. களிமண் உருமாறினாலும் அளவு மாறாது என்பதில் அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிட முன்னே நின்றார்கள். உப்பளத்துப் பிள்ளைக்கும் அப்படி ஒரு முந்தல் இருக்குமா என்று எனக்கும் ஆசைதான், நான் பார்த்த நாலைந்து பிள்ளைகளை வைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் வகுப்பில் நான் படியை வயதுச் சீட்டாகப் பயன்படுத்தவில்லை. எந்தக் கேள்விக்குப் பிறகு எந்தக் கேள்வி என்பதற்கு மட்டும்தான். நீங்கள் ஒரே முறை கேட்கும் முறையை நிறைக்கும் போட்டுப் பாருங்கள். அதில் எத்தனை பேர் மாறுகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள், முழங்காவில் ரீச்சரின் கொப்பிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.