பதின்ம வயதுப் பிள்ளையைப் புரிந்துகொள்ள எந்தத் தொடரைப் பார்க்கலாம்?

"என் மகளுக்கு 15 வயது. எதைக் கேட்டாலும் 'உனக்குப் புரியாதும்மா' என்கிறாள். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய தொடர்களைப் பார்த்தால் அவள் உலகம் பிடிபடுமா? எதில் தொடங்கலாம்?"

ஓரளவு பிடிபடும். ஆனால், பள்ளிச் சீருடை வருகிறது என்பதற்காக மட்டும் ஒரு தொடரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது யாருக்காக எடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். 2019-இல் வந்த 'யுஃபோரியா'வில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள்தான். ஆனால் அது பெரியவர்களுக்கான தொடர், முக்கிய நடிகர்கள் பலரும் இருபது வயதைத் தாண்டியவர்கள். அதில் தொடங்கினால், முதல் வேலையாக மகளின் பையைச் சோதிக்கத்தான் கை போகும்.

என்னைக் கேட்டால் நார்வேயின் 'ஸ்காம்' (2015–2017) நல்ல தொடக்கம். பதின்ம வயதினரை நேரில் பேட்டி கண்டு, அவர்களுக்காகவே எழுதிய தொடர் அது. வெள்ளி இரவு நடக்கும் காட்சி வெள்ளி இரவே இணையத்தில் வெளியாகும். பெரியவர்கள் அதிகம் தலைகாட்டுவதே இல்லை. முதல் சீசனின் ஈவா, தோழியின் காதலனோடு சேர்ந்ததால் பழைய தோழிகளை இழந்தவள். ஒரு மெசேஜுக்குப் பதில் வராத அரை மணி நேரம் அவளுக்கு எவ்வளவு பெரிது என்று அங்கே தெரியும். நமக்கு அற்பமாகத் தெரிகிற விஷயங்கள்தான் அந்த வயதில் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

அடுத்து 2025-இல் வந்த 'அடோலசென்ஸ்'. நான்கே பகுதிகள். 13 வயதுப் பையன் ஒருவன் கொலைவழக்கில் கைதாகிறான். கனமான கதை, முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். இரண்டாம் பகுதியில் விசாரணை அதிகாரி பள்ளிக்கு வருகிறார். இறந்த பெண் அந்தப் பையனின் படத்தின் கீழ் போட்டிருந்த எமோஜிகளை நட்பின் அடையாளம் என்றே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன்தான் அப்பாவைத் தனியே அழைத்து, அது நட்பில்லை, கேலி என்று விளக்குகிறான். துப்பறியும் அப்பாவுக்கே மகன் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

அப்புறம், மகளோடு சேர்ந்து பார்க்கும்போது "நீயும் இப்படித்தானா?" என்று கேட்டுவிடாதீர்கள், அன்றோடு பேச்சு நின்றுவிடும். "இதில் எது ரொம்ப செயற்கையா இருக்கு?" என்று கேளுங்கள். குறை சொல்லத் தயங்காத வயது அது. "எங்க ஸ்கூல்ல இப்படியெல்லாம் யாரும் நேரில் திட்ட மாட்டாங்க, க்ரூப்பை விட்டு தூக்கிடுவாங்க" என்பது போல ஒரு பதில் வந்தால், ஒரு சீசன் முழுக்கப் பார்த்ததைவிட அதிகம் தெரிந்துகொண்டீர்கள். அந்த இடத்தில் தொடரை நிறுத்திவிட்டு அவளைப் பேச விடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மகள் சில வாரங்களாக ஒடுங்கிப்போய், சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால் தற்கொலையை மையமாக வைத்த தொடர்கள் வேண்டாம். '13 ரீசன்ஸ் வை' தொடரின் தற்கொலைக் காட்சியை நெட்ஃபிளிக்ஸே 2019-இல் நீக்கியது. அந்த நிலையில் தொடரைத் தேடாமல், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.